கரைவலை ஷாட்டை ஓவியமாக்க மூன்று வழி: எதை எதற்கு எடுத்தோம்

போன மாசியில் தனுஷ்கோடிக் கரையில் பெரியப்பா கரைவலை இழுப்பதை வீடியோ எடுத்தேன். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, அசைக்காமல் எடுத்த ஒரே ஷாட், 20 விநாடி. முன்னால் பெரியப்பா, அவருக்குப் பின்னால் வரிசையாக எட்டுப் பேர், ஒரு கயிறு, அந்தப் பக்கம் கடல். வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டோடு கயிறு கைமாறி வருகிறது. கரைவலை பற்றி நாங்கள் செய்துகொண்டிருக்கும் மூன்று நிமிடப் படத்தில் இந்த ஒரு ஷாட் மட்டும் நீர்வண்ண ஓவியம் உயிர் பெற்று அசைவதுபோல் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டோம். வீடியோவைக் கொடுத்தால் ஓவியமாகவோ கார்ட்டூனாகவோ மாற்றித் தரும் ஏஐ கருவிகள் இப்போது நிறைய இருக்கின்றன. எதை எடுப்பது என்பதில்தான் இரண்டு மாதம் போனது. இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு அந்த இரண்டு மாதத்தை மிச்சப்படுத்தலாம் என்றுதான் எழுதுகிறேன்.

கருவிகளைப் பார்ப்பதற்கு முன்னால் எங்களுக்கு என்ன கெடக் கூடாது என்று முடிவு செய்துகொண்டோம். பெரியப்பா முகம் பெரியப்பா முகமாகவே இருக்க வேண்டும், அவருடைய பேத்தி பார்த்ததும் அடையாளம் தெரிய வேண்டும். கயிறு எந்த இடத்திலும் அறுபடக் கூடாது. இழுப்பு பாட்டோடு ஒட்ட வேண்டும், "ஏலேலோ" என்று குரல் ஏறும்போது கை பின்னால் வர வேண்டும். எது அழகாக இருக்கிறது என்று பார்த்திருந்தால் முதல் நாளே ஏமாந்திருப்போம், ஏனென்றால் நிறுத்தி வைத்து ஒரு ஃபிரேமைப் பார்க்கும்போது எல்லாக் கருவியும் அழகாகத்தான் தெரிகிறது.

சிக்கல் எல்லாம் ஓடவிடும்போதுதான் வரும். ஒரு புகைப்படத்தை இன்னொரு ஓவியத்தின் பாணிக்கு மாற்றும் முறையை கேட்டிஸ், எக்கர், பெத்கே என்ற மூவர் 2015-இல் காட்டினார்கள். அதை வீடியோவின் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தனித்தனியாகச் செய்தால், ஒவ்வொரு ஃபிரேமிலும் தூரிகைத் தடம் வேறு வேறு இடத்தில் விழும். ஓட்டிப் பார்த்தால் படம் முழுக்க எறும்பு ஊர்வதுபோல் நடுங்கும். அடுத்த வருடமே ரூடர், டோசோவிட்ஸ்கி, பிராக்ஸ் என்பவர்கள் ஒரு ஃபிரேமிலிருந்து அடுத்ததற்கு எந்தப் புள்ளி எங்கே நகர்ந்தது என்று கணக்கிட்டு, பழைய தடத்தையும் அதோடு சேர்த்து நகர்த்தும் வழியைக் கொடுத்தார்கள். இன்றைக்கு வரைக்கும் போட்டி அங்கேதான் நடக்கிறது. நடுக்கத்தை எப்படி அடக்குகிறது, அடக்குவதற்காக எதைப் பலி கொடுக்கிறது என்று பார்த்தாலே ஒரு கருவியின் குணம் தெரிந்துவிடும்.

சரி, எந்த வழியில் போனாலும் முதல் வேலை ஒன்றுதான்: வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாகப் பிரிப்பது. இதில் நான் எல்லாருக்கும் சொல்வது, விநாடிக்கு 12 ஃபிரேமாகக் குறைத்துவிடுங்கள். கையால் வரைந்த கார்ட்டூன்களில் விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடினாலும் ஒரே படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தி வைப்பது பழைய வழக்கம், அதனால் 12 என்பது கண்ணுக்குப் பழகிய ஓவிய நடை. வேலையும் பாதியாகிறது. எங்கள் 20 விநாடி 240 ஃபிரேமாக வந்து நின்றது. `frames` என்ற ஃபோல்டரை முதலில் உருவாக்கிவிட்டு, ffmpeg என்ற மென்பொருளுக்கு இந்தக் கட்டளையைக் கொடுத்தால் போதும்:

```
ffmpeg -i karaivalai.mp4 -vf "fps=12,scale=1920:1080" -start_number 0 frames/%05d.png
```

ஃபோனில் எடுத்த வீடியோவாக இருந்தால் இந்த `fps=12` இன்னொரு நல்லதையும் செய்கிறது. ஃபோன்கள் பெரும்பாலும் ஃபிரேம் வேகத்தை ஒரே சீராக வைத்திருக்காது, வெளிச்சத்துக்குத் தக்கபடி கொஞ்சம் கூட்டிக் குறைக்கும். அதைச் சீராக்காமல் பிரித்து மறுபடி சேர்த்தால் கடைசியில் பாட்டு ஒரு பக்கம் கை ஒரு பக்கம் போய்விடும்.

இனி வழிகள். முதலாவது எப்சிந்த் என்ற மென்பொருள். இதில் நீங்கள் சில ஃபிரேம்களை மட்டும் எடுத்து அவற்றின் மேல் ஓவியம் வரைந்து கொடுக்கிறீர்கள், மற்ற ஃபிரேம்களுக்கு அது அந்த ஓவியத்தைத் துண்டு துண்டாக எடுத்து, அசைவுக்கு ஏற்ப இடம் மாற்றி ஒட்டிக்கொண்டே போகிறது. எதையும் கற்பனை செய்யாது. நீங்கள் வரைந்த ஃபிரேமில் இல்லாத எதையும் அதால் வரைய முடியாது. இதன் பலமும் பலவீனமும் இந்த ஒரே குணம்தான். பெரியப்பா முகத்தை என் சித்தி மகள் வரைந்தாள் என்றால் 240 ஃபிரேமிலும் அவள் வரைந்த முகம்தான் இருக்கும், வேறு யார் முகமும் வந்து உட்காராது. ஆனால் அவர் திரும்பும்போது, வரைந்த ஃபிரேமில் தெரியாத கன்னம் தெரிய ஆரம்பிக்கும். அந்தக் கன்னத்துக்கு வண்ணம் எங்கிருந்து வரும்? பக்கத்தில் இருந்த காதையோ துண்டையோ இழுத்துத் தேய்த்துவிடும்.

அதனால் எத்தனை ஃபிரேம் வரைய வேண்டும், எந்தெந்த ஃபிரேம் என்பதுதான் இந்த வழியின் மொத்த சூட்சுமம். சம இடைவெளியில் வரையக் கூடாது. புதிதாக ஏதாவது கண்ணுக்குத் தெரிய வரும் இடத்தில் வரைய வேண்டும். எங்கள் ஷாட்டை அப்படிப் பார்த்தோம். முதல் எட்டு விநாடி பெரியப்பா கடலைப் பார்த்து நிற்கிறார், முதுகும் ஒரு பக்கக் கன்னமும்தான் தெரிகிறது, பெரிய மாற்றம் இல்லை. 9-ஆவது விநாடி நெருங்கும்போது பின்னால் இருப்பவர்களைக் கூப்பிடத் திரும்புகிறார், 11-ஆவது விநாடியில் மறுபடி கடல் பக்கம். 15-ஆவது விநாடியில் ஒருத்தர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் குறுக்கே கடந்து போகிறார். ஆக, ஃபிரேம் 0, முகம் பக்கவாட்டில் வரும் 104, முழு முகம் தெரியும் 114, திரும்பிவிட்ட 132, குறுக்கே போனவர் விலகிய பிறகு 190. ஐந்தே ஃபிரேம். முதலில் நாங்கள் 20 ஃபிரேமுக்கு ஒன்று என்று 12 ஃபிரேம் வரைந்திருந்தோம். அதில் 114 இல்லாமல் போனதால் முகம் தெரியும் முக்கியமான அந்த ஒரு விநாடி குழம்பிப் போயிருந்தது. குறைவாக வரைந்து இடம் பார்த்து வரைந்தபோது நன்றாக வந்தது.

ஐந்தையும் தனித்தனியாக வரையக் கூடாது என்பது சித்தி மகள் கண்டுபிடித்தது. ஃபிரேம் 0-ஐ வரைந்து முடித்து, எப்சிந்தை 104 வரைக்கும் ஓடவிட்டு, அது தந்த 104-ஆவது ஃபிரேமைத் திறந்து கெட்டுப் போன இடங்களை மட்டும் திருத்தினாள். பிறகு அதை வைத்து 114. இப்படிச் செய்தால் சட்டையின் நீலமும் தோலின் பழுப்பும் ஒரே கலவையாக இருக்கும். தனித்தனியாக வரைந்தால் ஒரு நாள் கை கனமாக விழும், ஒரு நாள் லேசாக விழும், இரண்டு ஃபிரேமுக்கும் நடுவில் படம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கரையும்போது அந்த வித்தியாசம் மூச்சு வாங்குவதுபோல் தெரியும். முதல் ஓவியத்துக்கு மூன்று மணி நேரம் ஆனது, மற்ற நாலும் சேர்ந்து அதே அளவு.

இன்னொன்று, கோடு இம்மியும் நகரக் கூடாது. டேப்லெட்டில் அந்த ஃபிரேமையே அடியில் வைத்து மேலே இன்னொரு லேயரில் வரைந்தோம். மூக்கை அழகுக்காகக் கொஞ்சம் நீட்டி வரைந்தால், அசல் வீடியோவில் மூக்கு முடியும் இடமும் ஓவியத்தில் முடியும் இடமும் வேறாகிவிடும், அசையும்போது மூக்கு நுனி கன்னத்தோடு பின்தங்கி நிற்கும். அப்படியென்றால் உருவத்தையே மாற்றும் கார்ட்டூன், அதாவது பெரிய கண்ணும் சின்ன வாயுமாக வேண்டும் என்பவர்களுக்கு இந்த வழி சரிப்படாது. இருக்கிற வடிவத்துக்கு மேல் வண்ணம் பூசுவதற்குத்தான் இது. ஓவியத்தின் அளவும் வீடியோ அளவும் ஒன்றாக இருக்க வேண்டும், கோப்பின் பெயரும் அந்த ஃபிரேம் எண்ணாகவே இருக்க வேண்டும், `00104.png` என்றால் `00104.png` தான்.

ஆட்கள் இப்படி அருமையாக வந்தார்கள். கடல் வரவில்லை. அலை நுரையில் பின்தொடர்வதற்கு நிலையான புள்ளியே கிடையாது, வெயில் பட்டு மின்னும் நீரில் அடுத்த ஃபிரேமில் அந்த மினுக்கமே இருக்காது. எதைப் பிடித்து எங்கே நகர்த்துவது என்று தெரியாமல், வரைந்த நுரையை இழுத்து இழுத்துக் கடைசியில் சோற்றுக் கஞ்சி மாதிரி ஆக்கிவிட்டது. ஃபிரேம் 40 தாண்டியதும் கடல் அசையவே இல்லை, ஆனால் உள்ளுக்குள் ஏதோ நெளிந்துகொண்டிருந்தது.

இரண்டாவது வழி, படம் வரையும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் வகை ஏஐ மாடலை நம் கணினியிலேயே ஓட்டுவது. கம்ஃபியுஐ என்ற மென்பொருளில் பெட்டி பெட்டியாக இணைத்துச் செய்வார்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் கொஞ்சம் இரைச்சலைத் தூவி, அந்த இரைச்சலை நீக்கும்போது நாம் கேட்ட பாணியில் மாடல் மறுபடி வரைகிறது. வடிவம் கலையாமல் இருக்க 2023-இல் வந்த கன்ட்ரோல்நெட் உதவுகிறது, அசல் ஃபிரேமிலிருந்து கோட்டையும் ஆழத்தையும் எடுத்து மாடலுக்கு வழிகாட்டும். நடுக்கத்தை அடக்க அதே வருடம் வந்த அனிமேட்டிஃப் உதவுகிறது, ஒரு சமயத்தில் 16 ஃபிரேமைச் சேர்த்துப் பார்த்து ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும்.

இதில் எல்லாம் `denoise` என்ற ஒரே எண்ணில் இருக்கிறது. 0 என்றால் அசல் அப்படியே, 1 என்றால் அசலை மறந்துவிட்டு வரைவது. நாங்கள் ஆசையோடு 0.75-இல் தொடங்கினோம். நுரை பிரமாதம், நீர்வண்ணம் தாளில் ஊறிப் பரவுவதுபோல் ஒவ்வொரு அலையும் புதிதாக விரிந்தது. ஆனால் பெரியப்பா முப்பது வயதுப் பையனாகிவிட்டார். வெயிலில் ஐம்பது வருடம் கறுத்த தோல் கோதுமை நிறமாக வெளுத்தது. கைலி கால்சட்டையாக மாறியது. இந்த மாடல்கள் எதைப் பார்த்துப் பழகினவோ அதை நோக்கியே இழுக்கும், "ஓவியத்தில் மீனவர்" என்றால் அவற்றுக்குத் தெரிந்த மீனவர் வேறு கரைக்காரர். படத்தை பெரியப்பாவிடம் காட்டினேன். "நல்லாருக்குப்பா, இதுல நான் எங்க?" என்றார். அவர் கேட்டதில் வருத்தம் ஒன்றும் இல்லை, உண்மையாகவே தேடினார். எனக்குத்தான் அன்றைக்கு அதற்கு மேல் வேலை ஓடவில்லை.

0.45-க்கு இறக்கினால் முகம் திரும்ப வந்துவிடுகிறது. ஆனால் ஓவியம் போய்விடுகிறது, ஃபோனில் ஃபில்டர் போட்ட மாதிரி ஒரு பளபளப்பு மட்டும் மிஞ்சும். 0.55-இல் வைத்து, கோட்டு வழிகாட்டியை வலுவாக்கி, மாடலுக்குக் கொடுக்கும் வாசகத்தில் வயதையும் கறுத்த தோலையும் கட்டிய கைலியையும் எழுதி, சித்தி மகளின் ஓவியத்தையே பாணி மாதிரியாகக் கொடுத்தபோது ஓரளவு நடுவில் வந்து நின்றது. அப்போதும் தூரத்தில் இருக்கும் ஆட்களின் முகம் எல்லாம் ஒரே அச்சு. படத்தில் முகத்துக்கு 40, 50 பிக்சல்தான் இடம் இருக்கிறது என்றால் மாடலால் அதற்குள் ஒரு தனி மனிதரை வரைய முடியாது.

கயிறு இந்த வழியின் பெரிய சோதனை. கைக்குப் பக்கத்தில் தடிமனாக இருக்கும்போது இருக்கிறது, கடலுக்குள் இறங்கும் இடத்தில் மூன்று பிக்சல் அகலமாகிவிடுகிறது, அங்கே ஒரு ஃபிரேமில் கயிறு, அடுத்ததில் அலைக் கோடு, அதற்கடுத்ததில் மறுபடி கயிறு. மாடல் படத்தை எட்டில் ஒரு பங்காகச் சுருக்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே வேலை செய்கிறது, மூன்று பிக்சல் கயிறு அதற்குள் தங்காது. வலைக்கண், தூண்டில் நரம்பு, பாய்மரக் கயிறு, பனை ஓலை நுனி எல்லாவற்றுக்கும் இதே கதிதான். இதே காரணத்தால் படத்தின் அகலமும் உயரமும் 8-ஆல் வகுபட வேண்டும். நான் 960×540 கொடுத்தேன், 540 வகுபடாது, மென்பொருள் சத்தமில்லாமல் நாலு வரிசைப் பிக்சலை வெட்டிவிட்டது, பிறகு இதை எப்சிந்த் படத்தோடு சேர்க்கும்போது ஏன் பொருந்தவில்லை என்று அரை நாள் தேடினோம். 1024×576 என்று வைத்தால் பிரச்சினை இல்லை.

இன்னொரு கோளாறு மெதுவாக வரும், ஓடவிட்டுப் பார்த்தால்கூடத் தப்பிவிடும். 16 ஃபிரேம் ஜன்னல் நகர்ந்து நகர்ந்து போவதால், ஒவ்வொரு ஜன்னலும் பக்கத்து ஜன்னலோடு ஒட்டுகிறது, முதல் ஜன்னலோடு ஒட்டுவதில்லை. பெரியப்பா தலையில் கட்டிய சிவப்புத் துண்டு 20 விநாடியில் மெல்ல மெல்லச் செங்கல் நிறமாகி, கடைசியில் ஆரஞ்சாகிவிட்டது. முதல் ஃபிரேமையும் கடைசி ஃபிரேமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். இது எல்லாருமே செய்ய வேண்டிய சோதனை. அனிமேட்டிஃப் இல்லாமல் ஃபிரேம் ஃபிரேமாக ஓட்டுகிறவர்கள் நடுக்கத்தைக் குறைக்க, இரைச்சல் எப்படி விழும் என்பதைத் தீர்மானிக்கும் `seed` எண்ணை எல்லா ஃபிரேமுக்கும் ஒன்றாகவே வைப்பார்கள், அப்போது வேறொன்று நடக்கும்: தூரிகைத் தடங்கள் திரையோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், ஆள் அதற்குப் பின்னால் நடப்பார், பூப்போட்ட கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போகிறவரைப் பார்ப்பதுபோல். நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறவர் வீடியோவில் இது தெரியாது. கயிறு இழுக்கிறவரிடம் உடனே தெரியும்.

கணினிக்கு 8 ஜிபி நினைவுள்ள கிராபிக்ஸ் கார்டாவது வேண்டும், 12 இருந்தால் நிம்மதி. எப்சிந்துக்கு இந்த அளவு தேவைப்படாது, சாதாரணக் கணினியிலேயே ஓட்டிவிடலாம்.

மூன்றாவது வழி, இணையத்தில் பணம் கட்டிச் செய்யும் சேவைகள். 2023 பிப்ரவரியில் ரன்வே தன் ஜென்-1 மாடலை அறிவித்ததிலிருந்து இந்த வகை பெருகிவிட்டது. வீடியோவை ஏற்றுகிறீர்கள், எப்படி வேண்டும் என்று எழுதுகிறீர்கள், சில நிமிடத்தில் வந்துவிடுகிறது. கிராபிக்ஸ் கார்டு வேண்டாம், பெட்டி இணைக்க வேண்டாம். ஒரு ஷாட்டுக்கு எந்தப் பாணி பொருந்தும் என்று தேடிப் பார்க்க இதைப்போல் சுலபமான வழி வேறு இல்லை. நீர்வண்ணமா, மரச்செதுக்கு அச்சா, கோட்டுச் சித்திரமா என்று நாங்கள் முடிவெடுத்ததே இப்படி ஒன்றில் நாலு விநாடித் துண்டை ஏற்றிப் பார்த்துத்தான்.

ஆனால் முழு வேலைக்கு எடுக்கும்போது பார்க்க வேண்டியவை உண்டு. இவை ஒரு தடவைக்குச் சில விநாடிதான் வாங்கும். எங்கள் 20 விநாடியை ஐந்து துண்டாக்கினோம், ஒவ்வொரு துண்டும் கொஞ்சம் வேறு பாணியில் வந்தது. படத்தில் அந்த இடத்தில் வெட்டு இருந்தால் கவலையில்லை, கேமரா கோணம் மாறும்போது கண் மன்னித்துவிடும். எங்களுடையது வெட்டில்லாத ஒரே ஷாட், நாலு இடத்தில் துள்ளியது. இதைவிடப் பெரிய சங்கடம் அசைவு. இந்த மாடல்களில் பல, வீடியோவை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு அசைவையும் புதிதாகவே உருவாக்குகின்றன. கை பின்னால் வரும் கணம் நாலைந்து ஃபிரேம் தள்ளிப் போயிருந்தது, பாட்டு முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஒரு துண்டில் ஒன்பது பேர் எட்டுப் பேராகிவிட்டார்கள், நெருங்கி நின்ற இரண்டு பேர் ஒருவராகச் சேர்ந்துவிட்டார்கள். நான் கவனிக்கவில்லை, பெரியப்பா எண்ணிச் சொன்னார். கூட்டமாக ஆட்கள் இருக்கும் ஷாட் என்றால் தலையை எண்ணிப் பாருங்கள், முதல் விநாடியிலும் கடைசி விநாடியிலும்.

அப்புறம், ஏற்றுவது நம் முகம் இல்லை. எட்டுப் பேர் முகத்தை வேறு ஒருவர் சர்வரில் வைக்கிறோம். நான் நாலு விநாடித் துண்டை ஏற்றுவதற்கு முன் கரைக்குப் போய் அவர்களிடம் கேட்டேன், ஒருத்தர் வேண்டாம் என்றார், அவர் இல்லாத நாலு விநாடியை எடுத்துக்கொண்டேன். முழுத் துண்டுகளை ஏற்றும் நாள் வந்தபோது அவர் முகத்தை மறைத்துத்தான் ஏற்றினோம். சொந்தக் கணினியில் ஓட்டும் இரண்டு வழிகளிலும் இந்தக் கேள்வியே வருவதில்லை.

மூன்றையும் பார்த்த பிறகு, ஒரு ஷாட்டுக்கு ஒரு கருவி என்று நினைத்ததே தப்பு என்று புரிந்தது. ஆட்களுக்குத் தேவை மாறாமல் இருப்பது, கடலுக்குத் தேவை ஓயாமல் மாறுவது. முதலாவது எப்சிந்துக்கு வரும், இரண்டாவது டிஃப்யூஷனுக்கு வரும். அதனால் பிரித்தோம். மெட்டா நிறுவனம் 2024-இல் வெளியிட்ட சாம் 2 மாடலில், முதல் ஃபிரேமில் ஆளைத் தொட்டுக் காட்டினால் வீடியோ முழுக்க அவர் உருவத்தைத் தனியாக வெட்டித் தரும். ஒன்பது பேரையும் கயிற்றையும் தனி மாஸ்க் ஆக்கினோம். ஆட்களை அது நன்றாகப் பிடித்தது, கயிற்றை நடுவில் விட்டுவிட்டது, நீருக்குள் இறங்கும் பகுதிக்குக் கையாலேயே மாஸ்க் வரைய வேண்டியிருந்தது. நேராக நிற்கும் கயிறு என்பதால் சில ஃபிரேமில் இரண்டு முனையைக் குறித்தால் போதும், நடுவில் உள்ளதை எடிட்டிங் மென்பொருள் நிரப்பிக்கொள்ளும்.

பிறகு ஆட்கள், கயிறு, மணல் எப்சிந்தில். கடலும் வானமும் டிஃப்யூஷனில், முகம் எதுவும் இல்லாததால் `denoise` 0.65 வரைக்கும் தைரியமாக ஏற்றி. இரண்டையும் மாஸ்க் வழியாக ஒன்றன் மேல் ஒன்று வைத்தோம், மாஸ்க் ஓரத்தை இரண்டு பிக்சல் மென்மையாக்கி.

ஒட்டுப்போட்டது தெரிந்த இடம் கால். பெரியப்பாவின் கணுக்கால் நுரைக்குள் நிற்கிறது, நுரை விலகும்போது ஈர மணலில் அவர் நிழல் விழுகிறது. ஆள் ஒரு பாணி, நுரை ஒரு பாணி, நடுவில் கத்தியால் வெட்டின மாதிரி ஒரு கோடு. மாஸ்க்கை முழங்காலுக்குக் கீழே மெல்லக் கரையவிட்டு, கணுக்காலையும் நிழலையும் டிஃப்யூஷன் படத்திலிருந்தே எடுத்தோம். காலில் அடையாளம் காண ஒன்றும் இல்லை, நுரையோடு சேர்ந்து அது கலைந்து கலைந்து சேர்வதுதான் அழகாக இருந்தது. கடைசியில் பாட்டோடு சேர்க்க:

```
ffmpeg -framerate 12 -start_number 0 -i out/%05d.png -i karaivalai.mp4 -map 0:v -map 1:a -c:v libx264 -pix_fmt yuv420p -shortest oviyam.mp4
```

எங்கள் இரண்டு மாதத்தில் பாதி, ஒவ்வொரு வழியிலும் முழு 20 விநாடியையும் ஓட்டிப் பார்த்ததில் போனது. உங்கள் ஷாட்டில் மோசமான மூன்று விநாடியை மட்டும் வெட்டி எடுங்கள். ஆள் திரும்புவது, ஒருவரை ஒருவர் மறைப்பது, மெல்லிய பொருள் நீரில் இறங்குவது, இவை எங்கே சேர்ந்து வருகிறதோ அந்த 36 ஃபிரேம். எங்களுக்கு அது 9-இலிருந்து 12 விநாடி வரை. அதில் தேறும் வழி மற்ற இடத்தில் தானாகத் தேறும். அழகான மூன்று விநாடியில் சோதித்தால் எல்லாமே தேறும், ஒன்றும் தெரியாது.

இன்னும் எடுக்காத ஷாட் என்றால் எடுக்கும்போதே பாதி வேலை முடியும். ஸ்டாண்டு கட்டாயம், கச்சான் காற்று அடிக்கும் நாளில் ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டை கட்டுங்கள். வெளிச்ச அளவைப் பூட்டி வையுங்கள், மேகம் கடக்கும்போது ஃபோன் தானாகக் கூட்டிக் குறைத்தால் தோல் நிறம் ஒவ்வொரு ஜன்னலிலும் மாறும். ஷட்டரை 1/250-க்குக் கூட்டினால் கை மங்காமல் பதியும், மங்கிய கையை எந்தக் கருவியும் விரலோடு வரையாது. நடுப்பகல் வெயிலில் கடல் வெள்ளித் தகடாக மின்னும், மூன்று வழிக்குமே அது கெடுதல். விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் எடுத்தால் அலைக்கு ஒரு வடிவம் இருக்கும்.

முகம் பெரிதாகத் தெரிகிற, கேமரா அசையாத, 20, 30 விநாடிக்கு மிகாத ஷாட்டுக்கு, வரையத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் நான் யோசிக்காமல் எப்சிந்த்தான் என்பேன். வரைபவர் இல்லையென்றால் அந்த ஐந்து ஃபிரேமை மட்டும் டிஃப்யூஷனில் உருவாக்கி, முகத்தைக் கையால் திருத்தி, எப்சிந்துக்குக் கொடுக்கலாம், 240 முகத்தோடு போராடுவதை விட ஐந்து முகத்தோடு போராடுவது மேல். உருவத்தையே மாற்றும் கார்ட்டூனுக்கு டிஃப்யூஷன் அல்லது இணையச் சேவை. ஐந்து விநாடிக்குள் முடியும் ஒரு துண்டு, முகம் முக்கியமில்லை, நாளைக்கே வேண்டும் என்றால் இணையச் சேவை போதும்.

எங்கள் படத்தில் அடுத்தது மேலேயிருந்து ட்ரோனில் எடுத்த ஷாட், வலை அரைவட்டமாகக் கடலில் கிடக்கிறது, மீன் சேரும் மடி இன்னும் தூரத்தில், ஆட்கள் புள்ளியாகத் தெரிகிறார்கள். முகம் இல்லை, முழுக்க நீர். அதை எப்சிந்த் பக்கமே கொண்டுபோகாமல் டிஃப்யூஷனில் 0.6-இல் ஓட்டப் போகிறோம், வலையின் மிதவைக் கோட்டை மட்டும் சித்தி மகள் தனி லேயரில் வரைந்து தருகிறாள், அது மூன்று பிக்சல்தான் இருக்கிறது.